துக்க விடுப்பு மின்னஞ்சல்: ஆறு வரி, நான்கு தேதி

நெருங்கிய உறவினர் இறந்ததும் அலுவலகத்துக்கு அனுப்பும் விடுப்பு மின்னஞ்சலுக்கு ஐந்தாறு வரி போதும். இறந்தவர் என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விடுப்பு வேண்டும், எந்த நாள் வேலைக்குத் திரும்புவது, அதுவரை கையிலிருக்கும் வேலையை யார் பார்ப்பார், அவசரம் என்றால் எப்படித் தொடர்புகொள்வது என்பவை இருந்தால் அஞ்சல் முழுமை. எப்படி இறந்தார், எந்த மருத்துவமனை, கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்பவை அந்த அஞ்சலில் வேண்டியதில்லை. துக்கம் கேட்க வருபவர்களிடம் அதையெல்லாம் சொல்லத்தான் போகிறார்கள். மேலாளரிடம் எழுத்தில் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அந்த அஞ்சலைப் படிப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் இது எளிதாகப் புரியும். மேலாளர் ஆளில்லாத நாட்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், மனிதவளப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் எதற்குமே காரணத்தின் விவரம் உதவாது, எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும். தேதி இல்லாமல் ஒரு பக்கம் எழுதினாலும், “எத்தனை நாள் லீவு?” என்று கேட்டு ஒரு போன் வரும். சாவு வீட்டில் இருப்பவர் எடுக்க விரும்பாத போன் அது.

சாவுச் செய்தி வந்த உடனே யாரும் மின்னஞ்சல் எழுத உட்காருவதில்லை. முதலில் போவது ஒரு போன் அழைப்பு, அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு வரி. “அப்பா தவறிட்டார், ஊருக்குக் கிளம்புறேன், விவரம் மெயில்ல அனுப்புறேன்” என்றால் அந்த நேரத்துக்கு அது போதும். ஆனால் அதோடு விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். வாட்ஸ்அப் தகவல் மேலாளர் ஒருவரின் கைபேசியில் கிடக்கும். வருகைப் பதிவைப் பார்க்கும் மனிதவளப் பிரிவுக்கோ சம்பளக் கணக்குப் போடுபவருக்கோ அது தெரியாது. அந்த மேலாளரே அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாறிவிட்டால் சொன்னதற்குச் சாட்சியும் இல்லை. ஆகவே முதல் தகவலுக்குப் பிறகு சில மணி நேரத்துக்குள், ஊருக்குப் போகும் வழியிலாவது, மின்னஞ்சல் போய்விட வேண்டும்.

எழுதுவதற்குமுன் தேதிகளைத் தீர்மானிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் சிக்கல் இங்கேதான். துக்கம் ஒரே மூச்சில் முடிவதில்லை. இறந்த அன்றோ மறுநாளோ அடக்கம் அல்லது தகனம். அதற்கடுத்த நாள் சாம்பல் கரைத்தல், பால் தெளித்தல். பிறகு பதினாறாம் நாள் காரியம். சில சமூகங்களில் அது பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று மாறும். இடையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் சிலர் வீட்டைவிட்டு நகரக் கூடாது. கொள்ளி வைத்த மகனுக்குப் பெரும்பாலும் அதுதான் நிலை. மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டுக் காரியத்துக்கு வந்தால் போதும். எனவே விடுப்பு ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பதே முதல் கேள்வி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, சனி ஞாயிறு விடுமுறை. 2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை இரவு சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருடைய அப்பா இறந்துவிடுகிறார். புதன்கிழமை தகனம். பதினாறாம் நாள் காரியத்தை இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் செப்டம்பர் 24, புதன்கிழமை. தகனம் நடந்த நாளிலிருந்து எண்ணும் வழக்கமுள்ள குடும்பமானால் 25, வியாழன். நாள், கிழமை பார்த்து ஒரு நாள் முன்பின் தள்ளுவதும் உண்டு. இந்தக் குடும்பம் 24 என்று முடிவு செய்கிறது.

தகனத்திலிருந்து காரியம் முடிந்த மறுநாள்வரை அவர் ஊரிலேயே இருந்துவிட்டால் செப்டம்பர் 10 முதல் 25 முடிய விடுப்பு. நாட்காட்டியில் அது 16 நாள். சனி ஞாயிறுகளைக் கழித்தால் 12 வேலை நாள். இரண்டாகப் பிரித்தால் கணக்கு மாறுகிறது. முதலில் செப்டம்பர் 10 முதல் 16 முடிய: புதன், வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று 5 வேலை நாள். 17, புதன்கிழமை வேலைக்கு வருகிறார். பிறகு 23 முதல் 25 முடிய 3 வேலை நாள்; காரியத்துக்கு முந்தின நாள் பயணம், மறுநாள் ஓய்வும் திரும்பும் பயணமும். 26, வெள்ளிக்கிழமை மீண்டும் வேலை. மொத்தம் 8 வேலை நாள். நான்கு நாள் விடுப்பு மிச்சம்.

அந்த நான்கு நாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. மாதாந்தரம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் நிறுவனத்தில் விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு வழக்கமான கெடு 11ஆம் தேதி, வரி செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. முதல் கெடு இவருடைய விடுப்புக்குள் வருகிறது, அதை வேறொருவர்தான் செய்தாக வேண்டும். இரண்டாவதை 17ஆம் தேதி திரும்பி வந்து அவரே முடித்துவிடலாம். அஞ்சலில் எந்த வேலையைக் குறிப்பிடுவது, எதை விடுவது என்பதை இப்படித் தேதிகளே சொல்லிவிடும்.

இப்போது அஞ்சல். பலர் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, எனது தந்தையார் கடந்த சில மாதங்களாக உடல்நலம் குன்றி, பல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று வந்த நிலையில், நேற்று இரவு எதிர்பாராதவிதமாக இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். குடும்பத்தில் நான்தான் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியுள்ளதால் ஒரு வாரம் விடுப்பு தருமாறும், பிறகு காரியத்துக்கும் சில நாட்கள் தேவைப்படும் என்பதால் அதையும் கருணையுடன் பரிசீலிக்குமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மரியாதையில் குறையில்லை, விஷயத்தில்தான் குறை. ஒரு வாரம் என்பது ஐந்து நாளா, ஏழு நாளா? அது என்றைக்குத் தொடங்குகிறது? காரியம் என்றைக்கு, சில நாட்கள் என்பது எத்தனை? பெங்களூருவிலோ புனேயிலோ இருக்கும் மேலாளருக்குப் பதினாறாம் நாள் வழக்கமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவருக்கும் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரியாது. கருணை, தாழ்மை என்ற சொற்களும் இங்கே வேலை செய்யவில்லை. அப்பா இறந்ததற்கு விடுப்பு கேட்பது சலுகைக்குக் கெஞ்சும் காரியமல்ல. பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தில் பழகிய நடை அலுவலகத்துக்கும் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே செய்தி தேதிகளோடு எழுதப்பட்டால் இப்படி இருக்கும்:

பொருள்: துக்க விடுப்பு: செப்டம்பர் 10–16 மற்றும் 23–25 (பெயர், கணக்குப் பிரிவு)

வணக்கம்.

என் தந்தை நேற்று (செப்டம்பர் 9, செவ்வாய்) இரவு காலமானார். இறுதிச் சடங்குக்காகச் சொந்த ஊர் செல்கிறேன்.

செப்டம்பர் 10 (புதன்) முதல் 16 (செவ்வாய்) முடிய 5 வேலை நாட்களும், பதினாறாம் நாள் சடங்குக்காக செப்டம்பர் 23 (செவ்வாய்) முதல் 25 (வியாழன்) முடிய 3 வேலை நாட்களும் விடுப்பு வேண்டுகிறேன். 17ஆம் தேதி புதன்கிழமையும், பிறகு 26ஆம் தேதி வெள்ளிக்கிழமையும் வேலைக்கு வருவேன்.

11ஆம் தேதி தாக்கல் செய்யவேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 தயாராக உள்ளது. கோப்பு பிரிவின் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. (சக ஊழியர் பெயர்) அதைத் தாக்கல் செய்ய ஒப்புக்கொண்டுள்ளார்.

வெள்ளிக்கிழமைவரை போனில் பேச இயலாது. மிக அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புங்கள், முடிந்தபோது பார்க்கிறேன்.

நன்றி.
(பெயர், பணியாளர் எண்)

அலுவலக மொழி ஆங்கிலம் என்றாலும் வரிசை இதேதான்: செய்தி, தேதிகள், வேலை, தொடர்பு. இதில் இரண்டு இடங்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

முதலாவது, “முடிய” என்ற சொல்லும் திரும்பி வரும் நாளும். “10 முதல் 17 வரை லீவு” என்று ஒருவர் எழுதினால் 17ஆம் தேதி அவர் வருவாரா, மாட்டாரா? எழுதியவர் 17ஆம் தேதி வந்துவிடுவேன் என்ற நினைப்பில் எழுதியிருப்பார். படித்தவர் அன்றும் விடுப்பு என்று எடுத்துக்கொள்வார். அன்றைக்கு ஒரு கூட்டம் இருந்தால் இவரை விட்டுவிட்டுக் கூட்டுவார்கள். எதிர்ப்பக்கம் தவறினால் இன்னும் மோசம்: விடுப்பில் இருக்கும் ஒருவரை வராதவர் என்று குறித்துவிடுவார்கள். விடுப்பின் கடைசி நாளையும் வேலைக்கு வரும் முதல் நாளையும் தனித்தனியே எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. கிழமையையும் சேர்த்து எழுதுவது ஒரு காவல்; தேதியில் கை தவறினால் கிழமை பொருந்தாமல் போய்த் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, மாதத்தைப் பெயரால் எழுதுவது. இந்தியாவில் 10/09 என்றால் செப்டம்பர் 10. அமெரிக்காவில் இருக்கும் மேலாளர் அதை அக்டோபர் 9 என்று படிப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் மென்பொருள் நிறுவனங்களில் இது அன்றாடம் நடக்கக்கூடிய குழப்பம். “நாளை”, “வரும் திங்கள்” போன்றவற்றிலும் இதே ஆபத்து உண்டு. இரவு 11 மணிக்கு எழுதிய “நாளை” மறுநாள் காலை படிப்பவருக்கு வேறொரு நாளாகிவிடும்.

அஞ்சல் நேரடி மேலாளருக்குப் போக வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு நகல். வேலையை ஏற்றுக்கொண்ட சக ஊழியருக்கும் ஒரு நகல் போடுவது நல்லது, அவர் ஒப்புக்கொண்டதற்கு அதுவே பதிவு. பிரிவு முழுவதற்கும் நகல் போட்டால் நாற்பது பேர் “அனைவருக்கும் பதில்” அழுத்தி இரங்கல் சொல்லத் தொடங்குவார்கள். மேலாளரின் அனுமதிப் பதில் அந்தக் குவியலுக்குள் போய்விடும். தலைப்பு வரியில் தேதியும் பெயரும் இருந்தால் மூன்று மாதம் கழித்துத் தேடினாலும் அஞ்சல் உடனே அகப்படும். “அவசரம்” என்று மட்டும் தலைப்பிட்ட அஞ்சலைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

எத்தனை நாள் கேட்கலாம் என்பது நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் கடைகள், அலுவலகங்கள் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கான 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் துக்கத்துக்கென்று தனி விடுப்பு கிடையாது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, நோய்க்கு ஆண்டுக்கு 12 நாள்வரை, நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பாக 12 நாள்வரை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. துக்கம் இந்தக் கடைசி வகைக்குள் வரும். பல தனியார் நிறுவனங்கள் தங்கள் விதியாகவே மூன்று நாளோ ஐந்து நாளோ தனியாகத் துக்க விடுப்பு தருகின்றன. மேலே சொன்ன பெண்ணின் நிறுவனத்தில் மூன்று நாள் துக்க விடுப்பு என்றால் அவர் கேட்ட எட்டில் மூன்று அதில் போகும்; மற்ற ஐந்தும் தற்செயல் விடுப்பிலோ ஈட்டிய விடுப்பிலோ கழியும். இந்தப் பிரிப்பை முதல் அஞ்சலில் எழுதத் தேவையில்லை. எந்தக் கணக்கில் கழிப்பது என்பதைத் திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் தமிழர்களுக்கு நிலைமை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் துறைக்கான தொழிலாளர் சட்டம் கணவனோ மனைவியோ இறந்தால் ஐந்து நாளும், தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறப்பு ஆகியோர் இறந்தால் மூன்று நாளும் சம்பளத்துடன் தருகிறது. சிங்கப்பூரில் சட்டப்படியான துக்க விடுப்பு இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருப்பதுதான் கிடைக்கும். துபாயிலிருந்து மதுரைக்கு வந்து போகவே மூன்று நாளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் துக்க விடுப்பையும் ஆண்டு விடுப்பையும் ஒரே அஞ்சலில் சேர்த்துக் கேட்டு, பயண நாட்களையும் தேதியோடு காட்டிவிடுவது நல்லது.

வார இறுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விடுப்புக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களையும் விடுப்பாகவே கழிக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் இருக்கிறது. ஊழியர்கள் இதைச் சாண்ட்விச் விதி என்பார்கள். அது இருக்கும் இடத்தில் நம் எடுத்துக்காட்டின் முதல் துண்டு ஐந்து நாளாக இருக்காது. 13, 14 ஆகிய இரண்டு நாளும் சேர்ந்து ஏழாகிவிடும். ஒரே துண்டாக எடுத்திருந்தால் 12க்குப் பதில் 16 நாள் கழிந்திருக்கும். அஞ்சலில் “5 வேலை நாட்கள்” என்று எண்ணிக்கையையும் எழுதச் சொல்வது இதனால்தான். மனிதவளப் பிரிவின் கணக்கு வேறாக இருந்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்துவிடும், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர வேண்டியதில்லை.

நெருங்கிய உறவு என்றால் யார் என்பதில் நிறுவனங்களின் பட்டியலும் தமிழ்க் குடும்பமும் ஒத்துப்போவதில்லை. பட்டியலில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் இருப்பார்கள். சில இடங்களில் மாமனார் மாமியாரும் தாத்தா பாட்டியும் உண்டு. பெரியப்பாவும் அத்தையும் தாய்மாமாவும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். இவர்கள் இறந்தால் உறவை உள்ளபடியே எழுதி, துக்க விடுப்பு என்று கேட்காமல் தற்செயல் விடுப்பாகக் கேட்பதே சரி. வளர்த்தவரே அவர்தான் என்றால் “என்னை வளர்த்த பெரியப்பா” என்று மூன்று சொல்லில் சொன்னால் போதும்; நல்ல மேலாளர் விதியைத் தளர்த்துவார். பெரியப்பாவை அப்பா என்று எழுதுவது மட்டும் வேண்டாம். பிறகு ஒருநாள் உண்மையிலேயே அப்பா இறக்கும்போது பழைய அஞ்சல் குறுக்கே வந்து நிற்கும். ஒரே பாட்டியை நான்கு முறை சாகடித்த ஊழியர்களின் கதை எல்லா அலுவலகத்திலும் உலவுகிறது. ஆதாரம் கேட்கும் வழக்கம் வந்ததில் அந்தப் பாட்டிகளுக்கும் பங்கு உண்டு.

ஆதாரம் கேட்டால் கோபப்படத் தேவையில்லை. ஆனால் முதல் அஞ்சலோடு எதையும் இணைக்கவும் தேவையில்லை, அந்த நேரத்தில் கையில் எதுவும் இருக்காது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படியான கெடு. அதற்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஓராண்டும் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று அலைச்சல் கூடிக்கொண்டே போகும். மேலே சொன்ன கணக்கில் இரண்டாம் முறை ஊருக்குப் போகும் 23 முதல் 25ஆம் தேதிவரையுள்ள நாட்கள் இந்தக் கெடுவுக்குள் வருகின்றன. சான்றிதழ் வேலையை அப்போது முடித்துவிடலாம். அதுவரை மனிதவளப் பிரிவு கேட்டால், “இறப்புச் சான்றிதழை செப்டம்பர் 30க்குள் அனுப்புகிறேன்” என்று ஒரு தேதியைக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

சில சாவுகளில் தேதியைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருக்கும் மகன் வரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். விபத்து என்றால் பிரேதப் பரிசோதனை முடிய வேண்டும். அப்போது உறுதியான பகுதியை மட்டும் முதலில் எழுதலாம்: “செப்டம்பர் 10, 11 இரண்டு நாளும் விடுப்பு, அடக்கம் முடிவானதும் மற்ற தேதிகளை 11ஆம் தேதி மாலைக்குள் தெரிவிக்கிறேன்.” தேதி தெரியாதபோதும் அது எப்போது தெரியவரும் என்பதற்கு ஒரு தேதியைக் கொடுக்க முடியும்.

கணவரை இழந்த முஸ்லிம் பெண் ஊழியரின் நிலை தனி. இத்தா காலம் நான்கு மாதமும் பத்து நாளும், கருவுற்றிருந்தால் பிரசவம்வரை. இத்தனை நாளை எந்த நிறுவனத்தின் துக்க விடுப்பும் தாங்காது. முதல் அஞ்சலில் உடனடி விடுப்புக்கான தேதிகளை மட்டும் எழுதி, சில நாள் கழித்து இத்தா முடியும் தேதியைக் குறிப்பிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யவோ நீண்ட விடுப்புக்கோ தனியாக ஓர் அஞ்சல் அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், எளிதாகக் கிடைக்கக்கூடிய முதல் விடுப்பும் பெரிய கோரிக்கையோடு சேர்ந்து மேலிடத்து முடிவுக்காகக் காத்துக்கிடக்கும்.

எழுதும் நிலையிலேயே இல்லாதவருக்காக வேறொருவர் எழுதலாம். உடன்பிறந்தவரோ சக ஊழியரோ தான் யார் என்பதை முதல் வரியில் சொல்லி, தெரிந்த தேதிகளை மட்டும் எழுத வேண்டும். வேலைக்குத் திரும்பும் நாளை அவர் தன் போக்கில் முடிவு செய்து எழுதக் கூடாது. சம்பந்தப்பட்டவர் ஓரிரு நாளில் அதே அஞ்சலுக்குப் பதிலாகத் தன் கையால் தேதிகளை உறுதிப்படுத்தினால் பதிவு முழுமையாகிவிடும்.

விடுப்பை நீட்டிக்க வேண்டியிருந்தால் பழைய விடுப்பு முடியும்முன்பே கேட்டுவிட வேண்டும். அதுவும் பழைய அஞ்சலுக்கான பதிலாகவே போக வேண்டும்: “அம்மாவின் உடல்நிலை காரணமாக விடுப்பை செப்டம்பர் 18 (வியாழன்) முடிய நீட்டிக்க வேண்டுகிறேன். 17ஆம் தேதி வருவதாகச் சொன்னதற்குப் பதில் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை வருவேன். 23 முதல் 25 முடிய உள்ள விடுப்பில் மாற்றமில்லை.” எது மாறுகிறது, எது மாறவில்லை என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. நம் கணக்கில் இப்படி நீட்டித்தால் 20ஆம் தேதிக் கெடுவுக்கு ஒரே ஒரு வேலை நாள்தான் மிஞ்சும். ஆகவே 3பி படிவத்தை யார் பார்ப்பார் என்ற வரியும் இப்போது தேவைப்படும். ஆலைகளில் இந்த நீட்டிப்பு இன்னும் கவனமாகச் செய்யவேண்டிய காரியம். கொடுத்த விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து தக்க காரணம் சொல்லாதவர் தன் இடத்தின்மீதுள்ள உரிமையை இழப்பார் என்ற பிரிவு பழைய மாதிரி நிலையாணைகளில் இருந்தது. அதைப் பின்பற்றி எழுதப்பட்ட நிலையாணைகள் பல ஆலைகளில் உண்டு. வாய்மொழியாக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஊரில் இருந்துவிட்டவருக்கு, சொன்னதை நிரூபிக்க அப்போது எதுவும் இருக்காது.

அஞ்சலுக்குப் பதில் வராமலே இருப்பதும் நடக்கும். சாவு வீடு என்பதால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மேலாளர் பேசாமல் இருந்துவிடுவார். ஊழியரோ அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். பதிலாக ஒரு வரி வருவது இரண்டு பேருக்கும் நல்லது. இரங்கலோடு தேதிகளையும் திரும்ப எழுதி, “செப்டம்பர் 10–16, 23–25 விடுப்பு அனுமதிக்கப்பட்டது” என்று அனுப்பும் மேலாளர் அந்த ஊழியரின் பாதிக் கவலையைத் தீர்த்துவிடுகிறார். வராவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் ஒரு வரி நினைவூட்டல் அனுப்புவதில் தவறில்லை.

திரும்பி வந்த முதல் நாள் இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கும். மின்னஞ்சலில் கிடைத்த அனுமதி பல நிறுவனங்களில் வருகைப் பதிவு மென்பொருளுக்குத் தானாகப் போய்ச் சேராது. விடுப்பை அதிலும் பதிய வேண்டும். மாதம் 20 அல்லது 25ஆம் தேதியோடு சம்பளத்துக்கான வருகைக் கணக்கை முடித்துவிடும் நிறுவனங்கள் உண்டு. பதியாத நாட்கள் அந்தக் கணக்கில் சம்பளமில்லா விடுப்பாக விழும். 17ஆம் தேதி வேலைக்கு வந்தவர் அன்றைக்கே இரண்டு துண்டு விடுப்பையும், வரப்போகும் 23 முதல் 25ஐயும் சேர்த்து, மென்பொருளில் ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகும் சம்பளத்தில் பிடித்தம் இருந்தால், தேதிகளும் அனுமதியும் உள்ள அதே அஞ்சலைச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.